குதிகால் வலிக்கு எண்ணூறா, எட்டாயிரமா?

கேள்வி: காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறது. கடையில் 800 ரூபாய்க்கு ரெடிமேட் இன்சோல். அளவெடுத்துச் செய்தால் 8,000 என்கிறார்கள். எதை வாங்க?

பதில்: பாதத்தின் அடித்தசைநார் வலியாக இருந்தால், எண்ணூறே போதும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மெத்தென்ற ஜெல்லில் மயங்காதீர்கள். இரு முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். நடுவில் சுலபமாக மடிந்தால் அது உள்வளைவைத் தாங்காது. ஷூவில் ஏற்கெனவே உள்ள அட்டையை எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் குதிகால் வெளியே எட்டிப் பார்க்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். கெண்டைக்கால் நீட்சிப் பயிற்சியும் வேண்டும். ஷூவை வாசலில் விட்டுவிட்டு டைல்ஸில் வெறுங்காலோடு நடந்தால் இன்சோல் வாசலுக்குத்தான் வைத்தியம் பார்க்கும். வீட்டுக்குள்ளும் வளைவு தாங்கும் செருப்பு போடுங்கள்.

ஆறு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், முன்பு புண் வந்தவர்கள், பாதம் கோணியவர்கள் கடைச் சரக்கை நம்பவே கூடாது. மரத்த பாதத்தில் அழுத்தம் விழும் இடம் வலிக்காது, நேரே புண்ணாகும். அங்கே அச்செடுத்துச் செய்வதற்கு எட்டாயிரம் தாராளமாகக் கொடுக்கலாம்.