பிறைக்கு ஷிஃப்ட் தெரியாது

மறைமலை நகர் ஆலைகளில் ரம்ஜான் லீவு கேட்பவரிடம் வரும் முதல் கேள்வி: "எந்தத் தேதிப்பா? சரியாச் சொல்லு." அது தெரிந்தால் அவர் தலைமை காஜியாகவே ஆகியிருப்பார்.

எனவே இதை விளக்க ஒரு நிமிட வீடியோ. நோன்பின் 29ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. அறிவிப்பு இரவில்தான் வரும். ஷிஃப்ட் பட்டியலோ அதற்கு முன்பே சுவரில் தொங்கும்.

ஆலையின் கொரிய மேலாளருக்கு நிலாக் கணக்கு புதிதல்ல. அவர் ஊர் சூசொக் பண்டிகையும் அப்படித்தான். ஆனால் அது காலண்டரிலேயே அச்சாகிவிடுகிறது.

1958ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் நான்கு தேசிய விடுமுறையோடு ஐந்து பண்டிகை விடுமுறையும் தருகிறது. பிறை அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

கடைசிப் பத்து நொடி: விண்ணப்பத்தில் இரண்டு தேதியும் எழுதி, இரண்டுக்கும் மாற்றாள் சொல்லி வையுங்கள். பிரியாணி பற்றிய கேள்விகளுக்குத் தனி வீடியோ.