அலமாரியில் காத்திருக்கும் புத்தகம்

டொராண்டோவில் தனியாக இருக்கும் மகளுக்கு, ஊர் விட்டுப் போனவர்களைப் பற்றிய நாவல் ஒன்று அனுப்ப ஆசை. அவள் படிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டால்? – ஒரு தாய், திருச்சி

வைக்கட்டுமே! ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) நாவலில், அமெரிக்காவில் வளரும் கோகோலும் அதைத்தான் செய்கிறான். பதினான்காம் பிறந்தநாளுக்கு அப்பா தந்த, கோகோல் என்ற எழுத்தாளரின் கதைப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை. ரயில் விபத்தில் அப்பாவின் கையிலிருந்த அதே எழுத்தாளரின் புத்தகப் பக்கம்தான் அவர் உயிரைக் காத்தது. மகனுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். இதை அவன் அறிய வருடங்கள் ஆகின்றன. அப்பா இறந்த பிறகுதான் அந்தப் புத்தகத்தைத் திறக்கிறான்.

அந்த அப்பா அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லிவிடுங்கள்: மகளுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.