பதினொன்று-இ

முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தேர்வாளர் அறிக்கை வந்தால் சிலர் அழுவார்கள். சிலர் ஊருக்குப் போய்விடுவார்கள். நம் ஆள் எக்செல்லைத் திறப்பார். தேர்வாளர் சொன்னது, தான் செய்தது, பழைய பக்கம், புதிய பக்கம், நிலை என்று கட்டங்கள். பாக்கி சிவப்பு, முடிந்தது பச்சை. அன்றிலிருந்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட "இன்னும் சிவப்புதான்" என்பார்.

தேர்வாளர்கள் ஒரே மூச்சில் பல குறை சொல்லும் இனம். "மாதிரி அளவுக்குக் காரணம் இல்லை, வினாநிரல் இணைக்கப்படவில்லை, அட்டவணை 4.3இன் கூட்டுத்தொகை பொருந்தவில்லை" என்பது அறிக்கையில் ஒரே கருத்து, எண் 11. மற்றவர்கள் வினாநிரலை இணைத்துவிட்டு 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி, வாய்மொழித் தேர்வில் கூட்டுத்தொகையில் மாட்டுவார்கள். இவரோ 11-அ, 11-ஆ, 11-இ என்று மூன்றாக உடைப்பார்.

அந்த 11-இ லேசில் மூடவில்லை. அட்டவணையில் மொத்தம் 240 என்றிருக்க, வரிசைகளைக் கூட்டினால் 238தான் வந்தது. இரண்டு பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. 'பதிலளிக்காதோர் 2' என்று ஒரு வரிசை சேர்த்துப் பச்சை பூசப் போனவர் கை நின்றது. சதவீதமெல்லாம் 238க்குப் போட்டவை! 240க்குப் போட்டால், 'ஆம்' என்ற 119 பேர் 50 சதவீதத்திலிருந்து 49.6க்கு இறங்கினார்கள். ஐந்தாம் இயலில் 'சரிபாதிப் பேர்' என்று முழங்கிய வாக்கியம் 'ஏறக்குறையப் பாதிப் பேர்' என்று குரலைத் தாழ்த்தியது. சுருக்கத்திலும் அதே வாக்கியம் இருப்பது இரவு ஒரு மணிக்கு அவருக்கு நினைவு வந்தது.

முதல் தேர்வாளர் இரண்டாம் இயலைச் சுருக்கச் சொல்ல, இரண்டாமவர் விரிக்கச் சொன்னார். பழைய நூல்களைப் பற்றிய பக்கங்களை வெட்டி, அண்மை ஆய்வுகளைச் சேர்த்து, இருவருக்கும் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். இதற்கே தனியாகப் பட்டம் தரலாம்.

'புதிய பக்கம்' கட்டத்தை மட்டும் கடைசிவரை காலியாகவே வைத்திருந்தார். ஒரு பத்தி சேர்த்தால் பின்னால் உள்ள பக்க எண்ணெல்லாம் நகர்ந்துவிடும். பிடிஎஃப் எடுத்த பிறகுதான் அதை நிரப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒரே ஒரு இடத்தில்தான் அவசரப்பட்டார். 'தரவு' என்று எழுதிய இடங்களிலெல்லாம் 'தகவல்' என்றிருக்க வேண்டும் என்பது 6ஆம் கருத்து. 'ரீப்ளேஸ் ஆல்' ஒரு அழுத்து, உடனே பச்சை. முழுப் பட்டியலும் பச்சையான மகிழ்ச்சியில் நெறியாளரிடம் கையெழுத்துக்குப் போனார்.

நெறியாளர் நன்றியுரையில் நின்றார்.

"ஏம்ப்பா, நான் உனக்குப் 'பேராதகவல்' குடுத்தேனா?"

"பேராதரவு சார்..."

"மூணாம் இயல்ல அரசு 'உத்தகவல்' போட்டிருக்கே?"

"கருத்து ஆறு சார்."

"அது மூடியாச்சுன்னு போட்டிருக்கியே?"

"திறந்துட்டேன் சார்."