சுவருக்கும் மல்லாட்டை ருசி தெரியுமா மாப்ளே?

மாப்ளே, பக்கத்துக் கொல்லை மாமன் எழுதுறேன். வேலியோரம் நின்னு பேசினா நம்ம சங்கராபுரம் முழுக்கக் கேட்கும். அதான் காகிதம்.

உன் புதுச் சுவர் கம்பீரமா இருக்கு. கிழக்கால கல்லுகிட்ட ஒழுங்காத்தான் புறப்பட்டிருக்கு. மேற்கே போகப் போக என் மல்லாட்டைப் பக்கம் ஒதுங்குதோன்னு ஒரு சந்தேகம். எட்டு வச்சுப் பார்த்ததுல கடைசியில மூணு அடி வருது. என் எட்டை நானே நம்ப மாட்டேன், நீயும் நம்ப வேண்டாம்.

மேஸ்திரி கிழக்கே கல்லுல கயிறைக் கட்டி, மேற்கே வேப்பமரத்துல முடிஞ்சிருப்பார். மரம் நட்டவன் எல்லை பார்த்தா நட்டான்? எல்லைக்கு 1923-லயே சட்டம் போட்டாங்க. அதுல சர்வே கல்லு இருக்கு, வேப்பமரம் இல்லை.

உன் பத்திரத்தைத் தூக்கிட்டு வராதே. அதுல உன் தெற்கெல்லை என் நிலம்னு இருக்கும், என் பத்திரத்துல வடக்கெல்லை உன் நிலம்னு இருக்கும். கோடு எங்கேன்னு ரெண்டும் சொல்லாது. அதைச் சொல்றது புலப்படம். நம்ம எல்லைக்கு அதுல 36.6 மீட்டர், அதாவது 120 அடி.

ஞாயித்துக்கிழமை காலையில வா. டேப்போட ஒரு முனை உனக்கு, மறுமுனை எனக்கு. தொய்வில்லாம இழுத்து, முதல்ல கல்லுக்குக் கல்லு அளப்போம். 120 அடி வந்தா, கல்லு நகரலைன்னு இப்போதைக்கு நம்பலாம். அப்புறம் ரெண்டு கல்லுக்கும் நடுவே கயிறு கட்டி, சுவர் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு தொடக்கம், நடு, கடைசி மூணு இடத்துல பார்ப்போம். ஒண்ணுமில்லை, ஒன்றரை, மூணுன்னு ஏறிட்டே போனா கோணக்கயிறுதான். 120-ஐ மூணால பெருக்கிப் பாதியாக்கு: 180 சதுர அடி, அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

சுவர் கோட்டிலேயே நின்னாலும் ஒரு ஓரமாத் தோண்டிப் பார்க்கணும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ரெண்டடி அகலத்துல வானம் எடுத்திருந்தா, மேலே நல்லபிள்ளையா நிக்கிற சுவர் கீழே பக்கத்துக்கு ஏழரை அங்குலம் காலை நீட்டியிருக்கும்.

வந்த அளவை ரெண்டு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். கல்லுக்குக் கல்லு அளவு ஒத்துவரலைன்னா நாம சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது. கல்லு நகர்ந்ததா, காணாமப் போச்சான்னு மத்த கல்லுங்கள்லேருந்து அளந்து சொல்றது சர்வேயர் வேலை. அளந்து காட்டச் சொல்லி மனு கொடுப்போம், கட்டணம் ஆளுக்குப் பாதி. அவர் கோட்டைக் காட்டுவார். அதுக்கப்புறமும் நிலம் யாருக்குன்னு வழக்காடணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். மல்லாட்டை வித்த காசு வக்கீல் பையை நிரப்பக்கூடக் காணாது.

அதுவரைக்கும் பூச்சு வேலையை மட்டும் நிறுத்தி வை. பூசின சுவரை இடிக்க உனக்கும் மனசு வராது, இடிக்கச் சொல்ல எனக்கும் வாய் வராது. மேஸ்திரியையும் கூட்டிட்டு வா, கயிறு கட்டினவர் பதிலும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் தெற்கெல்லை