தண்ணீர் எத்தனையாம் நாள் வந்தது?

"கல்லணையில் திறந்த தண்ணீர் இந்த வருஷம் உங்கள் வயலுக்கு எத்தனையாம் நாள் வந்தது?"

தஞ்சாவூர்ப் பக்கம் பாசனக் கருத்தரங்குகளில் மையவுரைக்குக் கூப்பிட்டால் நான் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறேன். கேட்டுவிட்டு, ஒரு மூச்சை இழுத்து நிதானமாக விடுகிற நேரம் பேசாமல் நிற்பேன். பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதன்பின் அடுத்த வாக்கியத்துக்குப் போவேன்: "கல்லணைக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு மறுநாளே வந்திருக்கும். பேராவூரணிக் கடைமடையில் இருக்கிறவருக்கு வாரக்கணக்கில் ஆகியிருக்கும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் எங்கெங்கே தங்குகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்." யாராவது பதில் சொல்லியிருந்தாலும், யாருமே சொல்லாவிட்டாலும் இந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. கேள்வியை எழுதும்போதே அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதிக்கொள்வேன்.

கேள்வி கேட்டுப் பேச்சைத் தொடங்குவதை நான் முதலில் பார்த்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ராம நவமிக் கதாகாலட்சேபத்தில். அந்தக் கலை தஞ்சாவூர் மண்ணில் வளர்ந்தது. மராட்டியர் ஆண்ட ஊர் என்பதால் மராத்தி கீர்த்தன்காரர்கள் இங்கே வந்து போனார்கள். அவர்கள் பாணியைத் தமிழுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஏற்றபடி பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்பனிட்டவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். எங்கள் ஊருக்கு வந்தவர் அந்த வழியில் வந்த ஏதோ ஒரு சின்ன பாகவதர்தான். கையில் சிப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம், பின்னால் ஜால்ராவோடு பின்பாட்டுக்காரர். எடுத்த எடுப்பில் கேட்பார்: "காட்டுக்குப் போ என்று சொன்னதும் ராமன் முகம் எப்படி இருந்தது?"

பந்தலில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். பாட்டிகள் உதடு அசையும். யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனம் விழுந்த இடத்தில் மிருதங்கக்காரர் மெதுவாக ஒரு தட்டு தட்டுவார், பின்பாட்டு ஆரம்பிக்கும், பதில் பாட்டாக வந்து சேரும். தெற்கே வில்லுப்பாட்டில் இது இன்னும் வெளிப்படை. தலைவர் ஒன்று கேட்டால் "ஆமா" போடுவதற்கென்றே குழுவில் ஆள் உட்கார்ந்திருப்பார். பழைய மேடைக்காரர்கள் கேள்வியைச் சபையைப் பார்த்துக் கேட்டாலும், பதிலுக்கான ஆளை மேடையிலேயே வைத்திருந்தார்கள்.

அதே ஊரில் இன்னொரு விதமான கேள்வியும் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆலமரத்தடியில் கூடுவார்கள். "என்ன மாமா, உங்க மடைக்கு எப்ப ஏறுச்சு?" "நேத்து ராத்திரிதான்டா. மேல் மதகை யாரோ அடைச்சுட்டான்." இந்தக் கேள்விக்குப் பதில் கட்டாயம் வரும். பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் ஒரே வாய்க்கால். அன்றைக்கு முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்த நாளை ஒவ்வொரு வீட்டிலும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு மேட்டூர் திறந்த செய்தி அடுத்த நிமிஷம் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. 2022இல் மே 24 அன்றே மேட்டூரைத் திறந்தார்கள், மே 27 கல்லணை. 2024இல் வழக்கமான ஜூன் 12 கடந்து, ஜூலைக் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தேதிகள் பத்திரிகையில் வரும். தன் வயலுக்குத் தண்ணீர் ஏறிய தேதி எந்தப் பத்திரிகையிலும் வராது. அது அவரவர் மனதில் மட்டும் இருக்கிறது. என் கேள்வி அந்தத் தேதியைத் தேடிப் போகிறது. குளிரூட்டிய மண்டபத்தில் அதிகாரிகள், பேராசிரியர்கள், விவசாயச் சங்கத்தார், மாணவர்கள் என்று கலந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் பொதுவான வாய்க்கால் கிடையாது, மிருதங்கமும் கிடையாது. ஆலமரத்தடிக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தால் அது அந்தரத்தில் நிற்கும்.

"இங்கே குறுவை போட்டிருக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று ஆரம்பிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கலெக்டர் முன்வரிசையில் இருக்கும்போது விவசாயி கை தூக்க யோசிப்பார். இது கணக்கெடுப்பா, காப்பீட்டுக்கா, மானியத்துக்கா என்று அவருக்குத் தெரியாது. அதிகாரி கை தூக்க முடியாது, அவருக்கு வயல் இல்லை. நாலு கை எழுந்தால் அந்த நாலு பேரும் சங்கடத்தோடு சுற்றிப் பார்க்கிறார்கள். "கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் எவ்வளவு சதவீதம் வரை இருக்கலாம், யாராவது சொல்லுங்கள்" என்பது வேறு வகை. 17 என்று தெரிந்தவருக்கும், மழை வருஷத்தில் தளர்த்துவார்களே, அதைக் கேட்கிறாரோ என்று சந்தேகம் வரும். தப்பாகச் சொன்னால் சபையில் மானம் போகும். பரீட்சைக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம்.

தண்ணீர் எத்தனையாம் நாள் வந்தது என்ற கேள்வியில் தப்பான பதிலே கிடையாது. ஒவ்வொருவருக்கும் தன்னுடையது என்று ஓர் எண் இருக்கிறது. பொறியாளருக்குத் தன் பிரிவின் கடைசி மதகு, மாணவிக்குத் தாத்தா வீட்டு வயல். அந்த எண் மனதில் எழுந்துவிட்டால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நான் ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவரவர் எண்ணை அவரவர் என் பேச்சோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவார்கள்.

கேள்வி வேலை செய்ததா என்று கையைப் பார்த்தால் தெரியாது. விரலைப் பார்க்க வேண்டும். கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெரியவர் கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பக்கத்திலிருப்பவர் காதில் ஏதோ சொல்வார். சிலர் கண் மேலே போகும். அது போதும், தொடரலாம். எல்லோரும் என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கேள்வி போய்ச் சேரவில்லை. அப்போதும் "என்ன, யாருமே சொல்ல மாட்டேன்கிறீங்க?" என்று கேட்கக் கூடாது. அதைக் கேட்டால் சாதாரண மௌனம் குற்றமாகிவிடும். பிறகு அரை மணி நேரம் சபை விறைப்பாகவே இருக்கும். இரண்டாம் வாக்கியம்தான் மருந்து, அதைச் சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான்.

மௌனத்தைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. கிமு 63இல் ரோமாபுரி செனட் சபையில் சிசரோ, சதி செய்த கத்திலினாவை நேருக்கு நேர் பார்த்து, இன்னும் எத்தனை நாள் எங்கள் பொறுமையைச் சோதிப்பாய் என்ற பொருளில் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. போகப்போக, நீ ஊரைவிட்டுப் போ என்று நான் சொல்கிறேன், இவர்கள் வாய் மூடியிருக்கிறார்களே, அதுவே இவர்கள் தீர்ப்பு என்று சபையின் மௌனத்தையே சாட்சியாக்கினார். பகைவனை எதிரில் வைத்துப் பேசும்போது அது பலிக்கும். விவசாயிகள் சபையில் நான் அப்படிச் செய்ய மாட்டேன். அவர்கள் பேசாமலிருப்பதற்கு நான் ஓர் அர்த்தம் கற்பித்தால், அவர்கள் வாயில் என் வார்த்தையைத் திணித்ததாகிவிடும்.

நம் மேடைக்கே உரிய தடங்கல் ஒன்று இருக்கிறது: "அவர்களே, அவர்களே" என்று விளிக்கிற வரிசை. பத்துப் பன்னிரண்டு பெயர் சொல்லி முடிப்பதற்குள் சபையின் காது மூடிவிடும்; அதன் வாலில் கேள்வியைக் கட்டினால் எவருக்கும் எட்டாது. "மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் சபைக்கும் வணக்கம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்து, ஒரு மூச்சு விட்டு, உடனே கேள்வி. துணைவேந்தர் பெயரையும் தலைமைப் பொறியாளர் பெயரையும் அவர்கள் செய்த வேலையைப் பற்றிப் பேசும் இடத்தில் சொன்னால் அவர்களுக்கும் அது கூடுதல் மரியாதை. கேட்கும்போது முன்வரிசைப் பிரமுகரைப் பார்க்கக் கூடாது. பதில் சொல்லும் பாரம் முழுவதும் அவர் தலையில் விழும். மண்டபத்தின் பின்பாதியில் ஓர் இடத்தைப் பார்த்துக் கேட்பேன், குரலைக் கடைசியில் உயர்த்தாமல்.

பதில் வந்தேவிட்டால்? வரத்தான் செய்யும். அதற்கும் முன்பே தயாராக இருப்பேன். வரக்கூடிய பதில் மூன்றுதான்: சீக்கிரம் வந்தது, தாமதமாக வந்தது, வரவேயில்லை. ஒரு தடவை பேராவூரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, "எங்க வயலுக்கு வரவே இல்லைங்க தம்பி. ஏரித் தண்ணியும் போர் தண்ணியும்தான்" என்றார். பின்வரிசைக்கு அது கேட்டிருக்காது. ஒலிபெருக்கியில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொன்னேன். அவர் ஏரி தூர்வாராததையும் மனு கொடுத்ததையும் சொல்லத் தொடங்கினார். "ஐயா, கல்லணைக் கால்வாய்க் கடைமடை என் பேச்சில் இருபது நிமிஷம் கழித்து வருது. அங்கே வந்ததும் உங்களைக் கேட்கிறேன்" என்றேன், உட்கார்ந்தார். புது ஆறு என்கிற அந்தக் கால்வாய் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடைமடைக்குப் போகிறது, முறை வைத்துத் தண்ணீர் விடும்போது மேல் பகுதியில் ஒரு மதகு கூடுதலாகத் திறந்திருந்தாலும் அங்கே ஒரு முறையே தவறிப்போகும் என்ற இடம் வந்தது. நிறுத்தி, "சொல்லுங்க ஐயா" என்றேன். அவர் சொன்னது என் படங்களில் இல்லாத விவரம். அந்தக் கூப்பிடுதலை மறந்திருந்தால், அதற்குமேல் நான் சொன்ன எதையும் அவர் வரிசையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கேள்வியே கேட்கக் கூடாத சபையும் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயல் கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. அதற்குப் பின் நடந்த ஒரு கூட்டத்தில் "உங்களுக்கு எத்தனை மரம் போச்சு?" என்று ஒருவர் ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கும் எல்லோர் மனதிலும் ஓர் எண் இருந்தது. அடுத்த வாக்கியத்துக்கு அவர் போகும்போது யாரும் அவரோடு போகவில்லை. மகனைப் போல வளர்த்த மரங்களிடமே நின்றுவிட்டார்கள். என் முறை வந்தபோது எதையும் கேட்காமல் நேராக விஷயத்துக்குப் போனேன். விழுந்த மரத்தைத் தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு, நிற்கிற மரத்தையும் புதுக் கன்றையும் குடைந்துவிடும். ஆகவே முதலில் அவற்றை அப்புறப்படுத்துவது எப்படி, கன்று வளரும் வருஷங்களில் நடுவில் எதை ஊடுபயிராகப் போடலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்: கன்று எங்கே கிடைக்கும், எந்த மாதத்தில் வைக்கலாம், மட்டையை எரிக்கலாமா என்று.