மிஸ்ஸின் கட்டைவிரல்

மிஸ்,

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட சுற்றறிக்கைப் படம் கிடைத்தது. கூடவே உங்கள் கட்டைவிரலும். உங்களை நான் நேரில் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் அந்த விரலைத் தீபத் திருவிழாக் கூட்டத்திலும் அடையாளம் காட்டுவேன். ஜூனில் ஃபீஸ் கட்டச் சொன்னபோது அதில் மருதாணி இருந்தது. காலாண்டுப் பரீட்சை அட்டவணையில் சிவப்பு மை. பாவம், அன்றைக்கு நாற்பது பேப்பர் திருத்திய கை. கொஞ்சம் வீங்கிக்கூட இருந்தது. எப்போது வந்தாலும் சரியாகத் தேதியின் மேல்தான் உட்காருகிறது. தொகை இருக்கிற இடத்தை ட்யூப்லைட் வெளிச்சம் பார்த்துக்கொள்கிறது. எங்களுக்கு மிஞ்சுவது 'அன்பான பெற்றோரே' மட்டும்.

இந்தத் தடவை தமிழ் வேறு. ஆங்கிலத்தைப் போனில் போட்டுத் தமிழாக்கி, அதை அச்செடுத்து, மேசையில் வைத்து, மறுபடி அதே போனில் படம் பிடித்திருக்கிறீர்கள். “உங்கள் வார்டு சாத்தனூர் அணைக்கு அழைத்துச் செல்லப்படும். பேருந்து 7 மணிக்குக் கூர்மையாகப் புறப்படும். கீழே உள்ள வழுக்கலை நிரப்பவும்.” மாமியார் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “நம்ம வார்டு மொத்தமுமா போகுது? கவுன்சிலரும் வராரா?” என்று கேட்டார். அணைக்கட்டில் வழுக்குமாம், பிள்ளையை அனுப்பாதே என்கிறார்.

விரலுக்குக் கீழே இருக்கும் தேதி பௌர்ணமியா மிஸ்? அப்படியென்றால் கிரிவலக் கூட்டம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால், சாயங்காலம் பிள்ளையை எங்கே வந்து கூப்பிட்டுக்கொள்வது?

படத்தில் பளிச்சென்று தெரிவது ஒரே வரி: “எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல.” இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1995-இல் பியாஸ் ஆற்றங்கரைக்குப் பள்ளியிலிருந்து பிக்னிக் கூட்டிப்போன பிள்ளைகளில் 14 பேர் மூழ்கிப் போனார்கள். ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்துக்கு 5 லட்சம் நஷ்டஈடு. அச்சடித்த ஒரு வரியால் கழற்றிவிடுகிற பொறுப்பில்லை இது. சாத்தனூரில் முதலைகளுக்காவது வேலி இருக்கிறது, தென்பெண்ணைக்கு? எத்தனை டீச்சர் கூட வருகிறீர்கள், தண்ணீரில் இறங்க விடுவீர்களா, அவசரத்துக்கு யார் நம்பர்? சம்மதம் கேட்கிற தாளில் இவையெல்லாம் இருக்க வேண்டாமா?

படிவத்தைப் பாப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். 'வார்டு' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி, அந்தப் 'பொறுப்பல்ல' வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படம் எடுத்தே அனுப்பியிருப்பேன். எடுத்தும் பார்த்தேன். கையெழுத்தின் மேல் என் விரல் விழுந்துவிட்டது.