நோட்டை வெயில்ல காட்டிப் பார்க்குற அண்ணாச்சிக்கு

(ஒரகடம் கூட்டுரோடு பக்கம் ஒரு மளிகைக் கடை. மத்தியான ஷிப்ட் விட்ட நேரம். கம்பெனி பஸ்ஸுங்க வரிசையா போகுது. கடை வாசல் பெஞ்சுல தோள்ல துண்டோட ஒரு பெரியவர். கல்லாவுல அண்ணாச்சி. பெரியவர் கேமராவைப் பார்த்துப் பேசுறார்.)

பெரியவர்: ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம், படப்பைன்னு இந்த ரோட்டுல கடை போட்டு நரைச்சுப்போன என் வயசுக்காரங்களுக்குத்தான் இந்தப் பேச்சு. சின்னப் பசங்க தாராளமா போயிடலாம். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

இதோ உக்காந்துகீறாரே நம்ம அண்ணாச்சி, தெக்கத்தி ஆளு. ஐந்நூறு ரூபா நோட்டை நீட்டினா இன்னா பண்ணுவாரு தெரியுமா? வெயில்ல தூக்கிக் காட்டுவாரு. உள்ள காந்தி தெரியணும். அப்புறம் கட்டை விரலால தேய்ப்பாரு. ஓரமா இருக்குற கோட்டைத் தடவுவாரு. அதுவும் பத்தாதுன்னு கொடுத்தவன் மூஞ்சை ஒரு தரம் பார்ப்பாரு. அவ்ளோ கெட்டி.

ஆனா ஒரு பையன் போனைத் திருப்பி, பச்சையா ஒரு டிக்கு போட்ட படத்தைக் காட்டினான்னு வை, "சரி தம்பி, கெளம்பு"ன்னுடுவாரு.

அண்ணாச்சி: (முறைக்கிறார்) பணம் போயிட்டுன்னு தெளிவா எழுதிருந்துச்சுல்லா பெரியவரே!

பெரியவர்: எழுதிதான் இருந்துச்சு. எழுதினவன் யாரு? அவன்தானே! போன வாரம் நடந்ததை நீயே சொல்லு.

அண்ணாச்சி: கம்பெனி யூனிஃபார்ம் போட்ட பையன். எண்ணெய், சோப்பு, பிஸ்கட்டுன்னு 480 ரூபாய்க்கு வாங்குனான். ஏடிஎம்ல காசு இல்ல, 1500 ரூபா கையில தாங்க, சேர்த்து 1980 போட்டுடுறேன்னான். போட்டதாக் காட்டுனான். டிங்குன்னு சத்தமும் கேட்டுச்சு.

பெரியவர்: சத்தம் எங்கிருந்து கேட்டுச்சு? உன் பொட்டியில இருந்தா, அவன் போன்ல இருந்தா?

(அண்ணாச்சி பதில் சொல்லாமல் பொட்டலம் கட்டுகிறார்.)

பெரியவர்: அதான் சங்கதி. பார்க்குறதுக்கு நம்ம போன்பே, பேடிஎம் மாதிரியே பொய்யா ஒரு ஆப் செஞ்சு வச்சிருக்கானுங்க. அதுல உன் கடைப் பேரை அவனே அடிப்பான், தொகையையும் அவனே அடிப்பான். பச்சை டிக்கு வரும், தேதி வரும், மணி வரும், 12 இலக்க நம்பர்கூட வரும். காசு மட்டும் எந்த பேங்க்ல இருந்தும் கெளம்பவே கெளம்பாது. 2021லயே ஹைதராபாத் போலீஸ் இப்படிப் பொய் ஆப் வச்சுக் கடைக்காரங்களை ஏமாத்தின கும்பலைப் பிடிச்சாங்க. அந்த ஆட்டம் இன்னும் முடியல.

கணக்கு பாரு அண்ணாச்சி. நூறு ரூபா சரக்குல உனக்குப் பத்து ரூபா நிக்குதுன்னே வச்சுக்குவோம். போன 1980ஐ மறுபடி எடுக்க, ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய்க்கு யாவாரம் பண்ணணும். அவனுக்கு ரெண்டு நிமிஷம், உனக்கு ரெண்டு நாள் வேலை. நல்ல பங்குதான்!

அண்ணாச்சி: கூட்டம் நிக்குது. பெட்டி சத்தம் போடலைன்னு கேட்டா "நெட்வொர்க் பிஸி, வந்துடும்"ங்கான். திருப்பித் திருப்பிக் கேட்டா நம்ம மேல சந்தேகமான்னு மூஞ்சியத் தூக்குதான். என்ன செய்யதுக்கு?

பெரியவர்: இங்கதான் நல்லாக் காதைத் தீட்டிக்கணும். உன் மானம், மரியாதை எல்லாத்தையும் காப்பாத்த ரிசர்வ் பேங்க்காரன் ஒரு விதி போட்டு வச்சிருக்கான். 2019ல போட்டது. வாடிக்கையாளர் கணக்குல காசு கழிஞ்சு, கடைக்காரனுக்கு வந்து சேரலைன்னா, அவரு பேங்க் அஞ்சு நாளைக்குள்ள தானாவே அவருக்குத் திருப்பிப் போட்டாகணும். தள்ளிப்போனா நாளுக்கு 100 ரூபா சேர்த்துத் தரணும்.

புரியுதா? "எனக்குக் கழிஞ்சிடுச்சு அண்ணாச்சி"ன்னு சொல்றவன் உண்மையான ஆளா இருந்தா அவன் காசு எங்கேயும் போகாது. அதனால நீ கூச்சப்படாம கேளு. "தம்பி, எனக்கு இன்னும் வரல. இப்ப கையில கொடு. உனக்குக் கழிஞ்சிருந்தா உன் பேங்கே திருப்பிடும். ஒருவேளை அப்புறமா எனக்கு வந்துட்டா, இதோ உன் நம்பரை எழுதிக்கிறேன், கூப்பிட்டுத் தந்துடுறேன்." இதைச் சொன்னதும் நல்ல பையன் நம்பரைக் கொடுப்பான். மத்தவனுக்குத் திடீர்னு பஸ் வந்துடும்.

(கேமரா சத்தப்பெட்டியைக் காட்டுகிறது.)

இந்தப் பொட்டியையும் முழுசா நம்பாதே. இதுக்குள்ள தனியா ஒரு சிம் இருக்கு. டவர் இல்லைன்னாலும், சார்ஜ் போனாலும் ஊமையாயிடும். அப்ப நல்லவன் போட்ட காசுக்கும் சத்தம் வராது. அதனால பொட்டி பேசலைன்னு உடனே ஒருத்தனைத் திருடன்னும் சொல்லாதே. அதே மாதிரி, பொட்டி பேசுற குரலை அவன் போன்லயும் ஓட விடலாம். லாரி சத்தத்துல உனக்கு எது எங்கிருந்து வந்துச்சுன்னா தெரியப் போகுது? உன் போனை எடு. உன் ஆப்பைத் திற. வந்த பணத்தோட வரிசையில மேல 1980 இருக்கா? இருந்தா காசு. இல்லைன்னா படம். அவன் போனை நீ பார்க்கவே வேணாம்யா, அதுல இன்னா இருந்தா உனக்கென்ன?

முக்கியமா, சரக்கோட சேர்த்து ரொக்கம் கேட்கிறவன் வந்தா, காசு உன் வரிசையில ஏறுற வரைக்கும் கல்லாவுல கை வைக்காதே. சரக்கு போனா முதல்தான் போச்சு, நோட்டு போனா அப்படியே போச்சு.

(கேமரா கடைச் சுவரில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரைக் காட்டுகிறது.)

அடுத்தது இந்த ஸ்டிக்கர். மத்தியப் பிரதேசத்துல கஜுராஹோன்னு கோயில் ஊரு. 2025 ஜனவரியில ஒரு ராத்திரி, கடையெல்லாம் சாத்தின அப்புறம், சில பேரு வந்து கடைங்களோட ஸ்டிக்கர் மேல தங்களோட ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிட்டானுங்க. பெட்ரோல் பங்க்கையும் விடல. விடிஞ்சதும் யாவாரம் இவங்களுது, வசூல் அவனுங்களுது. எப்படித் தெரிஞ்சுது? மருந்துக் கடைக்கு வந்த ஒரு ஆளு, "இன்னாங்க, வேற பேரு வருதே"ன்னு கேட்டாரு. அவ்ளோதான். கேமராவுல ஆளுங்களும் மாட்டினாங்க.

நம்ம ரோட்டுல இது நடக்க எவ்ளோ நேரமாகும்? டீக்கடை ஸ்டிக்கர் ஷட்டருக்கு வெளியே ராத்திரி முழுக்கக் காத்து வாங்கிக்கினு தொங்குது. காலையில ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போற கூட்டம் டீ கிளாஸைக் கையில வாங்குறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணிடும். பொட்டி பேசுச்சா இல்லையான்னு மாஸ்டருக்குத் தெரியுறப்ப மணி எட்டு.

அந்த மருந்துக் கடை ஆளு கேட்டாரே ஒரு கேள்வி, அதை நீயே தெனம் கேளு. கடை திறந்ததும் வீட்டுல வேற யாராச்சும் போன்ல உன் ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணி ஒரு ரூபா போடு. வர்ற பேரு உன் பேரான்னு பாரு. இப்ப அது சுலபம். 2025 ஜூன் கடைசிக்குள்ள, காசு அனுப்புறவன் திரையில பேங்க்ல பதிஞ்ச பேரு மட்டும்தான் வரணும்னு யுபிஐயை நடத்துற என்பிசிஐ எல்லா ஆப்புக்கும் சொல்லிடுச்சு. சும்மா வச்சுக்கிட்ட பேரெல்லாம் செல்லாது.

ஆனா ஒண்ணு. போர்டுல உன் கடைக்கு முருகன் பேரு. கணக்கு இருக்கிறது உன் பொண்டாட்டி பேருல. வாடிக்கையாளருக்கு எது சரின்னு எப்படித் தெரியும்? பேங்க்ல இருக்குற பேரை அட்டையில பெருசா எழுதி ஸ்டிக்கர் மேல மாட்டு. தமிழ்ல எழுது, இங்கிலீஷ்ல எழுது, பீகார், ஒடிசா பசங்க வர்றாங்களே, அவங்கள்ல ஒருத்தனையே பிடிச்சு இந்தியிலயும் எழுதி வாங்கு. ஒரு டீ கொடு, எழுதிடுவான். வீட்டுக்காரம்மா பேரு ஊருக்கே தெரிஞ்சுடும்னு வெக்கப்படாதே. கடையே அந்தம்மாவாலதான் ஓடுதுன்னு ஊருக்கு முன்னாடியே தெரியும்.

அண்ணாச்சி: (சிரிப்பை அடக்குகிறார்) அடுத்ததைச் சொல்லும்.

பெரியவர்: ஸ்டிக்கரைக் கண்ணாடிக்கு உள்ள ஒட்டு, இல்லைன்னா ராத்திரி கழட்டிக்கினு போ. மேல இன்னொண்ணு ஒட்டியிருக்கிறதைக் கண்டுபிடிச்சா, கோவத்துல கிழிச்சுப் போட்டுடாதே. மொதல்ல படம் எடு. அதை ஸ்கேன் பண்ணா வர்ற பேரையும் யுபிஐ முகவரியையும் படம் எடு. திருடன் தன் விலாசத்தைத் தானே ஒட்டிட்டுப் போயிருக்கான், அதைக் குப்பையில போடுவியா?

கடைசியா பின் நம்பர். "மிலிட்டரி கேம்புக்கு நாப்பது கிலோ பருப்பு வேணும், முன்பணம் அனுப்புறேன், நான் அனுப்புற படத்தை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு ஒருத்தன் மெரட்டலா பேசுவான். காசு வாங்குறதுக்குப் பின்னே கிடையாது. உன் கணக்குல இருந்து காசு வெளிய போகவும், மீதி பார்க்கவும்தான் பின். 2025 அக்டோபர் 1ல இருந்து ஆளுக்கு ஆள் "காசு கொடு"ன்னு யுபிஐயில கோரிக்கை அனுப்புறதையே நிறுத்திட்டாங்க. படத்தை அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்றது நிக்கல. மிலிட்டரி பருப்புன்னதும் நீ நெஞ்சை நிமித்தாதே.

அண்ணாச்சி: போயிட்டா என்ன செய்யணும்? ஸ்டேஷன்ல போய் நின்னா சிரிப்பானுவ.

பெரியவர்: சிரிக்கட்டும். எப்படிப் போச்சுங்கிறதைப் பொறுத்து எங்கே போறதுன்னு இருக்கு. பொய் டிக்கைப் பார்த்துச் சரக்கும் ரொக்கமும் கொடுத்துட்டியா? எந்தக் கணக்குல இருந்தும் காசு போகல, அதனால முடக்குறதுக்குக் கணக்கும் இல்ல. கேமராவுல இருக்கிற ஆளு மூஞ்சை எடுத்துக்கினு பக்கத்து ஸ்டேஷன்ல எழுதிக் கொடு. ஸ்டிக்கர் மாத்தினதோ, பின் போட்டதோன்னா 1930க்குப் போன் போடு. நாடு முழுக்க ஒரே நம்பர். எவ்ளோ ரூபா, எத்தனை மணி, எந்த பேங்க், அந்த 12 இலக்க நம்பர் எல்லாம் கேட்பாங்க. ஸ்டிக்கர் விஷயத்துல அந்த நம்பர் காசு போட்ட வாடிக்கையாளர் போன்லதான் இருக்கும், அவரைக் கெஞ்சி வாங்கி வை. திருடன் காசை வேற கணக்குக்குத் தள்ளுறதுக்குள்ள சொன்னா, போன கணக்கை முடக்க வழி இருக்கு. விடிஞ்சு மச்சானைக் கேட்டு, மருமகனைக் கேட்டு, அப்புறம் போன் பண்ணா கணக்குல தூசிதான் இருக்கும்.

உன் பேங்குக்கும் அப்பவே சொல்லிடு. நீயே பின் போட்டிருந்தா அதுவரைக்கும் போனது உன் தலையில. நீ சொன்ன நிமிஷத்துக்கு அப்புறம் போறது பேங்க் பொறுப்பு. 2017லயே ரிசர்வ் பேங்க் சொன்னது.

அதனால வெக்கத்தை ஒரு மணி நேரம் கல்லாவுக்குள்ள பூட்டி வச்சுட்டு, மொதல்ல 1930க்குப் போன் பண்ணுங்கப்பா.